வேகமான ஆங்கில ஒலிப்பதிவைக் கேட்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கிலக் கேட்டல் தேர்வுக்குப் பயில்வோரின் விடைத்தாள்களைத் திருத்தும்போது, ஒரு காலத்தில் நான் செய்த பிழைகளே வேறு கையெழுத்தில் திரும்பி வருவதைக் காண்கிறேன். எழுத்துப்பிழை, கவனக்குறைவு போன்றவற்றை அவரவரே அறிவர் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

‘ட்’ ஒலிக்காகக் காத்திருப்பது

என் முதல் மாதிரித் தேர்வில், கூட்டத்துக்கு வர இயலுமா என்ற கேள்விக்கு அமெரிக்கப் பெண் ஒருவர் விடையளித்தார். அவர் செவ்வாயன்று வருவார் என்று நான் எழுதினேன். வர இயலாது என்பதே சரியான விடை. திரும்பத் திரும்பக் கேட்டும் ‘ஐ கேன் கம்’ என்றே காதில் விழுந்ததால், ஒலிப்பதிவில்தான் குறை என்று ஆசிரியரிடம் வாதிட்டேன். இன்றும் மாணவர்கள் இதே வாதத்துடன் வரும்போது எனக்கு எரிச்சல் வருகிறது. அதில் பாதி என்மீதே.

‘கேன்ட் கம்’ என்று விரைந்து சொல்கையில் டகரத்துக்கான அடைப்பு நிகழ்கிறதே தவிர, அது வெடித்து வெளிவருவதில்லை. அடுத்து வரும் ககரம் அதை மறைத்துவிடுகிறது. உடன்பாட்டில் வரும் ‘கேன்’ என்பதோ முழு உயிரொலியை இழந்து, ‘க்ன்’ என்னும் அளவுக்கு மெலிகிறது. இதுவே வீக் ஃபார்ம். ஆகவே, வாக்கியத்தின் நடுவில் ‘கேன்’ என்று தெளிவாகவும் அழுத்தமாகவும் கேட்டால், அது பெரும்பாலும் எதிர்மறையே. நாமோ பள்ளியில் பழகிய முழு உச்சரிப்பை மனத்தில் வைத்துக்கொண்டு அதை நேர்மாறாகப் பொருள்கொள்கிறோம்.

மேசையில் விரலால் தட்டியபடி கேட்டுப் பாருங்கள். ‘ஐ க்ன் கம்’ என்பதில் தட்டு ‘கம்’ மீது மட்டுமே விழும். ‘ஐ கேன்(ட்) கம்’ என்பதில் இரண்டு தட்டுகள் விழும். பிரிட்டிஷ் பேச்சில் பொதுவாக ‘கான்ட்’ என்ற நெடில் வருவதால் இந்தத் தொல்லை குறைவு.

இதற்கு ஒரு வரம்பும் உண்டு. ‘யெஸ், ஐ கேன்’ என வாக்கியத்தின் இறுதியில் வரும்போதும், சொல்பவர் வலியுறுத்தும்போதும், உடன்பாட்டுச் சொல்லும் முழுமையாகவே ஒலிக்கும். அங்கே னகரம் நீள்கிறதா, சட்டென்று அறுபடுகிறதா என்று கவனிக்க வேண்டும்.

வேகத்தைக் குறைத்தே பழகுவது

வேகத்தைக் குறைத்தால் மெலிந்த ஒலி நீளுமே தவிர, விழுங்கப்பட்ட ஒலி திரும்பி வராது.

சொற்களைத் தனித்தனியே தேடுவது

‘டர்ன் ஆஃப்’ என்பது ‘டர்னாஃப்’ என்றும், ‘கோ ஆன்’ என்பது ‘கோவான்’ என்றும் சேர்ந்தே ஒலிக்கும். பின்னதில் இடையே வருவது நம் இலக்கணத்தின் உடம்படுமெய் போன்றதே. இருந்தும், அதை வகரத்தில் தொடங்கும் புதுச்சொல்லாக எண்ணி விடைத்தாளில் ‘வான்’ என்று எழுதியவர்கள் உண்டு.

எழுத்து வடிவத்தை முதலிலேயே படிப்பது

இரண்டு முறை கேட்டு எழுதிய பிறகே திறக்கவும்.