கிளைகளின் கரண்ட், தண்ணீர் பில்களை அட்டவணையாக்கும்போது நடக்கும் தவறுகள்

சென்னையிலும் பெங்களூருவிலும் கடை வைத்திருக்கும் நிறுவனத்தின் அட்டவணையில் முதலில் சறுக்குவது 'மாதம்' என்ற கட்டத்தில்தான். தமிழ்நாட்டில் சாதாரணக் கடை இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பில் வரும், பெங்களூருவில் மாதா மாதம். பில் கைக்கு வந்த மாதத்தில் தொகையை அப்படியே போட்டால், சென்னைக் கிளை ஒரு மாதம் பூஜ்யமும் மறு மாதம் இரட்டிப்புமாகத் தெரியும்.

ஒரு சென்னை பில்லை எடுத்துக்கொள்வோம். ஜூன் 12 ரீடிங்கிலிருந்து ஆகஸ்ட் 10 ரீடிங் வரை 59 நாள், 1180 யூனிட். பெங்களூரு பில்லில் 30 நாளுக்கு 540 யூனிட். 1180-ஐ 540-உடன் ஒப்பிட்டால் சென்னை மேலாளரைத்தான் கேள்வி கேட்கத் தோன்றும். நாளுக்கு என்று பார்த்தால் 20-ம் 18-ம், அவ்வளவுதான் வித்தியாசம். அதனால் ஒரு பில்லுக்கு ஒரு வரி வைத்து, முந்தைய ரீடிங் தேதி, இந்த ரீடிங் தேதி இரண்டையும் எழுதுங்கள். மாதக் கணக்கு வேண்டுமென்றால் நாட்களின்படி பிரிக்கலாம்: ஜூனுக்கு 18 நாள், 360 யூனிட், ஜூலைக்கு 31 நாள், 620, ஆகஸ்ட்டுக்கு 10 நாள், 200.

அடுத்தது, பில்லில் உள்ள யூனிட்டை மட்டும் எழுதிக்கொண்டு ரீடிங்கை விட்டுவிடுவது. இதைச் செய்யவே செய்யாதீர்கள். கடை பூட்டியிருந்தால் பழைய உபயோகத்தை வைத்து உத்தேசமாக பில் போடுவது உண்டு. ரீடிங் இருந்தால்தான் அது பிடிபடும். பெரிய இணைப்புகளில் மீட்டர் காட்டும் வித்தியாசத்தை 20 போன்ற ஓர் எண்ணால் பெருக்க வேண்டியிருக்கும்; 62 கூடியிருந்தால் உண்மையான உபயோகம் 1240 யூனிட். E-யில் முந்தைய ரீடிங், F-ல் இந்த ரீடிங், G-யில் பெருக்கும் எண் (இல்லாவிட்டால் 1), H-ல் பில் யூனிட் என்று வைத்து இப்படிச் சோதிக்கலாம்:

```
=IF(ABS((F2-E2)*G2-H2)<=1,"சரி","பார்")
```

'பார்' என்று வந்தால் பில்லை எடுத்துப் பாருங்கள். உத்தேச பில்லாக இருந்தால் குறித்து வையுங்கள். அடுத்த முறை நிஜ ரீடிங் வந்ததும், அந்த இரண்டு பில்லின் நாட்களையும் சேர்த்து, முழுக் காலத்துக்குமான ரீடிங் வித்தியாசத்தை வகுத்தால்தான் சரியான சராசரி கிடைக்கும்.

பணத்தில், 'கட்ட வேண்டிய மொத்தம்' என்பதைச் செலவாக எழுதாதீர்கள். அதில் பழைய பாக்கியும் அபராதமும் கலந்திருக்கலாம். பாக்கி முந்தைய வரியிலேயே ஏறிவிட்டது. மறுபடி எழுதினால் இரண்டு முறை கணக்காகும். நடப்புக் கட்டணம், பாக்கி, அபராதம் மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் வேண்டும்.

தண்ணீர் பில் பெரும்பாலும் கிலோ லிட்டரில் இருக்கும், லாரி தண்ணீர் ரசீது லிட்டரில். 12,000 லிட்டர் லாரி 12 கிலோ லிட்டர். லாரியை விட்டுவிட்டால், கோடையில் குழாயில் தண்ணீர் வராத கிளைதான் சிக்கனமான கிளையாகத் தெரியும்.

அப்புறம், இணைப்பு எண்ணை டைப் செய்வதற்கு முன் அந்தக் கட்டத்தை Text ஆக மாற்றுங்கள். இல்லாவிட்டால் எக்செல் முன்னால் உள்ள பூஜ்யத்தை விழுங்கிவிடும், 15 இலக்கத்துக்கு மேல் போனால் மீதியைப் பூஜ்யமாக்கிவிடும்.