ஸ்ட்ரீமிங் கணக்கில் தெரியாத சாதனம் ஓடுகிறதா? எல்லையோரத்து வீடுகளுக்கான செய்முறை விளக்கம்

நெட்ஃபிளிக்ஸ் போன்ற கணக்கை வெளியாள் கைப்பற்றினாலும் பெரும்பாலும் அது உடனே பூட்டப்படுவதில்லை. சந்தா கட்டுவது நாம், சத்தமில்லாமல் பார்ப்பது அவர் என்பதே வழக்கம். ஆகவே அடையாளங்களும் சிறியவையாகவே இருக்கும். யாரும் பார்க்காத தொடர் பாதியில் நின்றபடி முகப்பில் கிடக்கும், பரிந்துரைகளின் மொழி மாறும், புதிதாக ஒரு சுயவிவரம் முளைத்திருக்கும், வீட்டில் ஒரே ஒரு தொலைக்காட்சி ஓடும்போதே ஒரே நேரத்தில் பார்ப்பவர்களின் எண்ணிக்கை வரம்பைத் தாண்டிவிட்டதாகத் திரை சொல்லும். இவற்றையெல்லாம்விடத் தெளிவான அடையாளம், நீங்கள் நுழையாத நேரத்தில் புதிய சாதனம் நுழைந்ததாக வரும் மின்னஞ்சல்.

கேரள-தமிழ்நாட்டு எல்லையோரத்துக் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் எதிர்வீட்டு அத்தைக்கு நேர்ந்ததை வைத்தே இதை விளக்குகிறேன். மறைந்த மாமாவின் பெயரில் ஒரு சுயவிவரம் அந்தக் கணக்கில் அப்படியே இருந்தது. அதை யாரும் திறப்பதில்லை. ஒருநாள் அதற்குள் இந்திக் குரலில் ஒரு தொடர் நான்காம் பகுதி வரை ஓடியிருந்தது. "கொச்சின்னு காட்டுது தம்பி, அங்க நமக்கு யாரு இருக்கா?" என்று அத்தை பதறினார். ஆனால் அவரைப் பதறவைத்த கொச்சி வரி குற்றமற்றது. அவர் கவனிக்காமல் விட்ட வேறொரு வரியே திருட்டு.

முதல் வேலை: உங்கள் சாதனங்களை அடையாளம் காணுதல்

கைப்பேசி உலாவியில் netflix.com எனத் தட்டி உள்ளே சென்று, "Account" பக்கத்தில் பாதுகாப்புப் பகுதியின் கீழ் "Access and devices" என்பது போன்ற வரியைத் திறக்கவும். அண்மையில் பயன்படுத்திய சாதனங்கள் அங்கே வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் சாதன வகை, பயன்படுத்திய சுயவிவரம், நேரம், ஏறக்குறைய இடம் ஆகியவை காட்டப்படும்.

இங்கேதான் எல்லையோரத்தில் வசிப்பவர்கள் ஏமாறுகிறார்கள். அந்த இடப்பெயர் நீங்கள் உட்கார்ந்திருக்கும் ஊர் அல்ல. உங்கள் இணைய நிறுவனம் எந்த ஊரின் வழியாக உங்களை இணையத்தோடு சேர்க்கிறதோ, அந்த ஊர் என்று கணிக்கப்படுவது மட்டுமே. வீட்டு ஃபைபர் இணைப்பு கேரளத்தினுடையது, கைப்பேசியின் சிம் பொள்ளாச்சியில் வாங்கியது என்றால், ஒரே கூடத்தில் இருக்கும் தொலைக்காட்சி கொச்சி என்றும் கைப்பேசி சென்னை என்றும் காட்டலாம். எல்லையிலுள்ள வேலந்தாவளத்துக்குப் போய்விட்டுத் திரும்புவதற்குள் கைப்பேசிக் கோபுரம் மாறி, காட்டும் ஊரும் மாறலாம்.

எனவே ஊரை நம்பாமல் இப்படிச் சோதியுங்கள். வீட்டுத் தொலைக்காட்சியில் ஏதேனும் ஒன்றை ஓரிரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். சற்றுப் பொறுத்துப் பட்டியலைப் புதுப்பித்தால், எந்த வரியின் நேரம் சற்றுமுன் என்று மாறுகிறதோ அதுவே உங்கள் தொலைக்காட்சி. அது எந்த ஊரைக் காட்டினாலும் கவலையில்லை. உடனே மாறாவிட்டால் சிறிது நேரம் கழித்து மீண்டும் பாருங்கள். பிறகு ஒவ்வொரு கைப்பேசிக்கும் மடிக்கணினிக்கும் இதையே செய்யுங்கள். அத்தையின் பட்டியலில் நான்கு வரிகள் இருந்தன. கொச்சி என்றது அவர் வீட்டுத் தொலைக்காட்சியேதான். சென்னை என்றது அவர் கைப்பேசி. கோயம்புத்தூர் மடிக்கணினி அங்கே கல்லூரியில் படிக்கும் மகனுடையது என்பதைத் தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்தோம். எஞ்சிய ஒரு வரியில் அவர்கள் வீட்டில் இல்லாத நிறுவனத்தின் தொலைக்காட்சி, மாமாவின் சுயவிவரத்தில், இரவு இரண்டேகால் மணிக்கு ஓடியிருந்தது. சாதன வகை, சுயவிவரம், நேரம் மூன்றும் பொருந்தாதபோது சந்தேகத்துக்கு இடமில்லை.

ஒன்றை மட்டும் முதலில் விலக்கிவிடுங்கள். மூணாறு விடுதித் தொலைக்காட்சியில் உள்ளே நுழைந்துவிட்டு வெளியேறாமல் வந்தது, பழைய தொலைக்காட்சியைக் கணக்கோடு விற்றது, உறவினருக்குக் கடவுச்சொல் சொன்னது ஆகியவையும் இதே தோற்றத்தைத் தரும். அது திருட்டு அல்ல என்றாலும் தீர்வு ஒன்றுதான்.

இரண்டாவது வேலை: மின்னஞ்சலைச் சரிபார்த்தல்

பலரும் நேராகக் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றப் போகிறார்கள். மின்னஞ்சல் அந்நியர் கையில் இருந்தால், மறுநாளே அவர் கடவுச்சொல் மறந்துவிட்டதாகச் சொல்லிப் புதியதை அமைத்துக்கொள்வார். ஜிமெயில் என்றால் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குச் சென்று உள்நுழைந்துள்ள சாதனங்களைப் பாருங்கள். பிறகு கணினியில் ஜிமெயிலின் அமைப்புகளைத் திறந்து, நீங்கள் வைக்காத வடிகட்டியோ வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் ஏற்பாடோ இருக்கிறதா என்று தேடுங்கள். எச்சரிக்கை மடல்கள் உங்கள் கண்ணில் படாமல் நேராகக் குப்பைக்குப் போகும்படி வைப்பது கைதேர்ந்தவர்களின் பழக்கம். சந்தேகம் இருந்தால் மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றி, இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்குங்கள்.

மூன்றாவது வேலை: கடவுச்சொல்லும் வெளியேற்றமும்

கடவுச்சொல்லை மாற்றாமல் எல்லாச் சாதனங்களையும் வெளியேற்றுவதில் பயனில்லை. தெரிந்த கடவுச்சொல்லோடு அவர் மீண்டும் வந்துவிடுவார். கடவுச்சொல் மாற்றும் பக்கத்திலேயே எல்லாச் சாதனங்களையும் வெளியேற்றும் தேர்வுக் கட்டம் இருந்தால் அதைக் குறியிட்டு இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள். வெளியேற்றம் எல்லாச் சாதனங்களிலும் உடனே நடந்துவிடாது, கொஞ்ச நேரம் எடுக்கலாம்.

புதிய கடவுச்சொல் வேறு எங்கும் பயன்படுத்தாததாக இருக்க வேண்டும். அத்தையின் பழைய கடவுச்சொல் மகன் பெயரும் பிறந்த ஆண்டும். அதையே ஒரு துணிக்கடைத் தளத்திலும் வைத்திருந்தார். haveibeenpwned.com தளத்தில் அவருடைய மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்துப் பார்த்தபோது, அது பழைய கசிவு ஒன்றில் இருப்பது தெரிந்தது. ஓரிடத்தில் கசிந்த மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் தானியங்கி நிரல்கள் நூற்றுக்கணக்கான தளங்களில் முயன்று பார்க்கும். அவருக்கு நேர்ந்ததும் அதுவாகத்தான் இருக்க வேண்டும். தொடர்பில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்தால் நீளமும் கிடைக்கும், தொலைக்காட்சி ரிமோட்டில் தட்டவும் முடியும்.

பின்னர் கணக்குப் பக்கத்தில் மின்னஞ்சல் முகவரியும் கைப்பேசி எண்ணும் உங்களுடையவைதானா, திட்டம் உயர்த்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். தெரியாத சுயவிவரத்தை நீக்குங்கள். மாமாவின் சுயவிவரத்தை நீக்க அத்தைக்கு மனம் வரவில்லை. அதைத் திறக்க PIN எண் கேட்கும்படி பூட்டு மட்டும் போட்டோம்.

உள்ளேயே நுழைய முடியாவிட்டால்

மின்னஞ்சல் முகவரியையே மாற்றிவிட்டிருந்தால் help.netflix.com வழியாக மட்டும் உதவி கேளுங்கள். பணம் செலுத்திய விவரத்தைக் கையில் வைத்திருந்தால் கணக்கு உங்களுடையது என்று காட்டலாம். வாடிக்கையாளர் சேவை எண் என்று தேடுபொறியில் கிடைக்கும் எண்களை அழைக்காதீர்கள். அவற்றில் பல மோசடிக்காரர்கள் பரப்பியவை. யுபிஐ செயலியின் ஆட்டோபே பகுதியில் சந்தாவின் தொகை மாறியிருந்தால் அந்த அனுமதியை நிறுத்திவையுங்கள். பணமே போயிருந்தால் 1930 என்ற எண்ணிலோ cybercrime.gov.in தளத்திலோ புகார் அளிக்கலாம்; கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் இதே எண்தான்.

இரண்டு நாள் கழித்துச் சாதனப் பட்டியலை மீண்டும் திறந்து பாருங்கள். அந்நிய வரி திரும்பியிருந்தால், கசிவு கடவுச்சொல்லில் இல்லை. மின்னஞ்சலிலோ, கடையில் யாரோ நிறுவிக்கொடுத்த செயலி ஓடும் கைப்பேசியிலோ இருக்கிறது. அந்தக் கைப்பேசியைத் தொடாமல், வேறொரு சாதனத்திலிருந்து இரண்டாவது வேலையை மீண்டும் தொடங்க வேண்டும்.