ஈரல் ஸ்லைடில் முதலில் பித்த நாளத்தைத் தேடுங்கள்

மனித ஈரல் ஸ்லைடில் லோபியூலின் அறுகோண எல்லையைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். 10x-இல் வெறுமையான ஓட்டைகளைப் பாருங்கள். பக்கத்திலேயே உருண்டையான, கருநீல நியூக்ளியஸ்கள் வளையமாக அடுக்கியிருந்தால் அதுதான் பித்த நாளம், அந்த இடம் போர்ட்டல் ட்ரையட். மனித ஈரலில் லோபியூல்களுக்கு இடையே இணைப்புத்திசு மிகக் குறைவு. ட்ரையடைச் சுற்றித்தான் அது தெளிவாகத் தெரியும். ட்ரையடிலேயே பெரிய ஓட்டை போர்ட்டல் சிரை, தடித்த சுவருள்ள சிறியது தமனி.

சென்ட்ரல் வெயின் துணையின்றித் தனியாக நிற்கும். 40x-இல் அதன் மெல்லிய சுவரைப் பாருங்கள்: செல் வரிசைகளுக்கு நடுவே ஓடும் வெளிர் இடைவெளிகளான சைனுசாய்டுகள் நேராக அதற்குள் திறக்கும். ட்ரையடின் போர்ட்டல் சிரையில் அப்படித் திறப்பதைக் காண முடியாது.

பன்றி ஈரலுக்கு இது தேவையில்லை, எல்லை கண்ணுக்கே தெரியும். சிர்ரோசிஸ் ஸ்லைடில் நார்ப்பட்டைகளுக்குள் சிறு பித்த நாளங்கள் பெருகியிருக்கும். அங்கே இந்த அடையாளம் ஏமாற்றிவிடும்.