மனநல ஆய்வுக் கேள்வியை, நோயோடு வாழ்ந்தவர்களோடு சேர்ந்து எழுதுவது எப்படி?

முதன்முறையாக மனநல ஆய்வு செய்யப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஓர் எடுத்துக்காட்டோடு போவோம். மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில், மனச்சிதைவுக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் ஏன் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள் என்பதுதான் உங்கள் கேள்வி என்று வைத்துக்கொள்வோம்.

1. சீக்கிரமே கூப்பிடுங்கள்

ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்தபின் ஒரு வரியை மாற்றக்கூட மறுபடி அனுமதி கேட்க வேண்டும். அதனால் கேள்வி அரைப்பக்கமாக இருக்கும்போதே இந்த நோயோடு வாழ்ந்த ஐந்தாறு பேரைக் கூட்டுங்கள். மாத்திரையை நிறுத்தியவர் ஒருவராவது அதில் இருக்க வேண்டும். அவரைத் தேடி வீட்டுக்குப் போகாதீர்கள், அக்கம்பக்கத்துக்குத் தெரிந்துவிடும். அவர் நம்பும் ஒருவர் மூலம் சொல்லி அனுப்புங்கள். விருப்பமிருந்தால் அவரே பேசட்டும். குடும்பத்தாரைத் தனியாகச் சந்திப்பது நல்லது. அம்மா பக்கத்தில் இருந்தால் மகன் வாய் திறக்க மாட்டார்.

2. உட்காரும் விதம்

அவர்களுக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவர் அறையில் இருக்கக் கூடாது. "நீங்க சொன்னா சரிதான் சார்" என்றே எல்லாரும் சொன்னால், கூட்டம் தவறாகப் போகிறது என்று அர்த்தம். தங்கள் நோய்க்கதையைச் சொல்ல வேண்டியதில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பஸ் கட்டணத்தையும் அன்றைய கூலியையும் அன்றே கையில் கொடுங்கள்.

3. கேள்வி மாறும் இடம்

மல்லிகைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண் இப்படிச் சொல்லலாம்: "நான் எங்க நிறுத்துனேன்? பூ எடுக்கிற நாள்ல மட்டும் ராத்திரி மாத்திரை போடுறதில்ல." மொட்டு விரியும் முன் விடிகாலையிலேயே பறித்தாக வேண்டும். ஓலன்சபைன் போன்ற மாத்திரைகள் தரும் தூக்கம் சிலருக்குக் காலைவரை நீடிக்கும். அவரிடம் "மாத்திரையை நிறுத்தினீர்களா?" என்று கேட்டால் "இல்லை" என்பார், அது உண்மையும்கூட. ஆகவே கேள்வி இப்படி மாறும்: விடிகாலை வேலை உள்ளவர்கள் எந்த நாட்களில் மாத்திரையைத் தவிர்க்கிறார்கள், அதை மருத்துவரிடம் சொல்கிறார்களா? தரவு எடுக்கும் மாதமும் மாற வேண்டும். பூ குறைந்துபோகும் மார்கழியில் மட்டும் கேட்டால் இது கண்ணில் படாது.

4. படிவங்கள்

ஆய்வின் ஒப்புதல் படிவத்தைக் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு ஒவ்வொரு பத்தியாக வாசித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். "எப்போது வேண்டுமானாலும் விலகலாம்" என்ற வரி வந்ததும், "விலகினா மாத்திரை தருவாங்களா?" என்ற சந்தேகம் எழும். "விலகினாலும் உங்கள் மாத்திரையும் சிகிச்சையும் அப்படியே தொடரும்" என்று அடுத்த வரியிலேயே எழுதுங்கள். வீட்டில் ஒரே போன்தான் என்றால், எந்த நேரத்தில் கூப்பிடலாம், யார் பேசுகிறோம் என்று சொல்ல வேண்டும் என்பதையும் அவர்களிடமே கேளுங்கள்.

சரி, ஏற்கெனவே சோதித்து நிறுவப்பட்ட வினாப்பட்டியல்களில் இப்படிக் கைவைக்க முடியாது. மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 போன்ற ஒன்றில் சொற்களை மாற்றினால் மதிப்பெண்ணை மற்ற ஆய்வுகளோடு ஒப்பிட முடியாது. முன்னுரை, கேட்கும் இடம், கேட்கும் ஆள் ஆகியவற்றை மாற்றலாம். அப்படியும் புரியவில்லையென்றால் வேறு வினாப்பட்டியலைத் தேடுங்கள்.

5. பதிவு

என்னென்ன சொன்னார்கள், எது மாறியது, எது மாறவில்லை, ஏன் என்று பெயரில்லாமல் ஓர் அட்டவணை போடுங்கள். நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பும் முன் அதைக் கூட்டத்துக்கு வந்தவர்களிடமே வாசித்துக் காட்டுங்கள், ஏற்காத யோசனைகளுக்கான காரணத்தோடு.