டிக் பட்டியலா, ஆம்/இல்லை கேள்விகளா: கூகுள் ஃபார்ம்ஸ் கணக்கெடுப்பில் எண்ணிக்கை எங்கே மாறுகிறது

கூகுள் ஃபார்ம்ஸில் கேள்வி சேர்ப்பது, பதில்களை ஷீட்ஸோடு இணைப்பது இரண்டும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். இங்கே பார்க்கப்போவது ஒரே ஒரு கேள்வியை.

"கடந்த 7 நாட்களில் எவற்றின் வழியாகச் செய்திகளை அறிந்தீர்கள்?"

பட்டியலில் தொலைக்காட்சி, யூடியூப், வாட்ஸ்அப், நாளிதழ், இணையத்தளம், வானொலி என்று ஆறு. இதை இரண்டு விதமாகக் கேட்கலாம். Checkboxes வகையில் "பொருந்துவன அனைத்தையும் டிக் செய்யவும்" என்று கேட்பது ஒன்று. Multiple choice grid வகையில் ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை என்று தனித்தனியாகக் கேட்பது இன்னொன்று. பார்வைக்கு ஒன்றே போலத் தெரியும், கிடைக்கும் எண்கள் வேறு. கீழே உள்ள எண்கள் கணக்கு புரிவதற்காக அமைத்தவை. எந்த ஆய்வின் முடிவும் அல்ல.

படி 1: டிக் இல்லாத பெட்டி என்ன சொல்கிறது?

வானொலிக்கு நேரே டிக் இல்லை. ஏன்? அவர் வானொலி கேட்காதவராக இருக்கலாம். மேலே இரண்டு டிக் போட்டதும் "போதும்" என்று கீழே படிக்காமல் நகர்ந்தவராக இருக்கலாம். கேள்வியையே தாண்டிப் போனவராகவும் இருக்கலாம். மூன்றுக்கும் ஷீட்டில் அடையாளம் ஒன்றுதான்: 'வானொலி' என்ற சொல் அங்கே இருக்காது.

ஆம்/இல்லை வடிவத்தில் ஒவ்வொரு வரியிலும் நின்று முடிவெடுத்தாக வேண்டும். அதனால் அரைகுறையாக நினைவில் இருப்பதும் வெளியே வரும். ஜோலின் ஸ்மித், டான் டில்மன் உள்ளிட்ட குழு 2006-ல் இந்த இரண்டு வடிவங்களையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு வெளியிட்டது. ஆம்/இல்லை வடிவத்தில் மக்கள் கூடுதலான விடைகளைத் தேர்ந்தெடுத்தார்கள், அதிக நேரமும் எடுத்துக்கொண்டார்கள். டிக் வடிவத்தில் வேகமாக முடித்தவர்கள் பட்டியலின் மேல்பகுதியையே அதிகம் தொட்டார்கள்.

படி 2: டிக் பட்டியலை அமைப்பது

கடைசி விருப்பமாக "இவற்றில் எதுவுமில்லை" கட்டாயம் இருக்கட்டும். அது இல்லாமல் Required மட்டும் போட்டால், எதையும் பயன்படுத்தாதவர் ஏதாவது ஒன்றை டிக் செய்தால்தான் படிவத்தை அனுப்ப முடியும். பொய்ப் பதிலை நாமே கேட்டு வாங்குகிறோம். Required-ம் இல்லை, "எதுவுமில்லை"யும் இல்லை என்றால் வெற்றுப் பதிலுக்கு என்ன பொருள் என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

மேலே உள்ள விருப்பங்களுக்குக் கிடைக்கும் சலுகையைக் குறைக்க Shuffle option order போடத் தோன்றும். போட்டால் "எதுவுமில்லை"யும் சேர்ந்து கலைந்து நடுவில் போய் உட்காரும். டிக் பட்டியலில் எனக்குப் பிடிக்காத விஷயம் இதுதான்.

படி 3: டிக் பதில்களைப் பிரிப்பது

ஷீட்டில் ஒருவரின் விடைகள் எல்லாம் ஒரே கட்டத்தில் "தொலைக்காட்சி, யூடியூப்" என்று காற்புள்ளியிட்டு வரும். உடனே `COUNTIF` போட்டு `*வானொலி*` என்று தேடாதீர்கள். பின்னால் "இணைய வானொலி" என்று ஒரு விருப்பம் சேர்ந்தால் அதுவும் கணக்கில் ஏறிவிடும். Other பெட்டியில் யாராவது "வானொலி இல்லை" என்று எழுதினால் அதுவும் ஏறும்.

விருப்பத்துக்கு ஒரு பத்தி என்று பிரித்துக்கொள்வதே நல்லது. பதில்கள் B பத்தியில் இருக்கின்றன என்றால், C1 முதல் I1 வரை ஏழு விருப்பங்களின் பெயர்களை எழுதுங்கள். படிவத்தில் உள்ள அதே எழுத்து, அதே இடைவெளி. C2-வில் இதைப் போட்டு வலப்பக்கமும் கீழும் இழுங்கள்:

```
=IF($B2="","",IF(ISNUMBER(FIND(", "&C$1&",",", "&$B2&",")),1,0))
```

இருபுறமும் காற்புள்ளி சேர்த்துத் தேடுவதால் முழுப் பெயர் பொருந்தினால்தான் 1 வரும். டிக் இல்லையென்றால் 0. கேள்வியே வெற்றாக இருந்தால் 0 வராது, வெற்றாகவே நிற்கும். இந்த வேறுபாடு அடுத்த படியில் தேவைப்படும். விருப்பத்தின் பெயருக்குள்ளேயே காற்புள்ளி இருந்தால் ஃபார்முலா தடுமாறாது. காற்புள்ளியை வைத்து SPLIT செய்பவர்களுக்குத்தான் அது இரண்டாக உடையும்.

"எதுவுமில்லை"யையும் வேறொன்றையும் சேர்த்து டிக் செய்தவர்களைப் பிடிக்க J2-வில்:

```
=IF(AND(I2=1,SUM(C2:H2)>0),"பார்","")
```

படி 4: எதால் வகுப்பது?

பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இது, கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

படிவம் அனுப்பியவர்கள் 200 பேர். அவர்களில் 14 பேர் இந்தக் கேள்வியை வெற்றாக விட்டார்கள். 6 பேர் "எதுவுமில்லை". மீதி 180 பேர் ஒன்றாவது டிக் செய்திருக்கிறார்கள். ஆறு ஊடகங்களுக்கும் விழுந்த மொத்த டிக் 450. அதில் தொலைக்காட்சிக்கு 126.

தொலைக்காட்சி எத்தனை சதவீதம்? 126-ஐ 200-ஆல் வகுத்தால் 63. பதில் சொன்ன 186 பேரால் வகுத்தால் 67.7. ஒன்றாவது டிக் செய்த 180 பேரால் வகுத்தால் 70. மொத்த டிக் 450-ஆல் வகுத்தால் 28. நான்குமே சரியான வகுத்தல்கள்தான், ஆனால் நான்கும் நான்கு வேறு கேள்விகளுக்கான விடை.

என் தேர்வு 186. கேள்வியைப் பார்த்துப் பதில் சொன்னவர்கள் அவர்கள்தான். "எதுவுமில்லை" என்பதும் ஒரு பதில். 180-ஐ எடுத்தால் செய்தியே பார்க்காதவர்கள் காணாமல் போய், எல்லா ஊடகங்களும் கொஞ்சம் வீங்கித் தெரியும். 200-ஐ எடுத்தால் பதில் சொல்லாத 14 பேரையும் "இல்லை" என்று நாமே எழுதிவிட்டதாகும். 450-ஆல் வகுத்த 28% மக்களைப் பற்றியதே அல்ல, டிக்குகளைப் பற்றியது. வட்ட வரைபடம் போட ஆசைப்படுபவர்கள் கூட்டுத்தொகை 100 வரவேண்டும் என்று இதைப் பிடித்துக்கொள்கிறார்கள். வேண்டாம். பட்டை வரைபடம் போட்டு, "ஒருவர் ஒன்றுக்கு மேல் தேர்ந்தெடுக்கலாம் என்பதால் கூட்டுத்தொகை 100-ஐத் தாண்டும்" என்று ஒரு வரி எழுதினால் போதும்.

படி 3-ல் வெற்றை வெற்றாகவே விட்டதால் இந்தக் கணக்கு தானாக வரும்:

```
=SUM(C2:C201)
=COUNT(C2:C201)
=AVERAGE(C2:C201)
```

முதலாவது 126, இரண்டாவது 186, மூன்றாவதைச் சதவீதமாக மாற்றினால் 67.7. COUNT 200 என்று காட்டினால் எங்கோ வெற்றுகள் 0 ஆகிவிட்டன என்று பொருள்.

இதே பட்டியலில் வானொலிக்கு 18 டிக். 186-ல் அது 9.7%. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: ஆம்/இல்லை வடிவம்

Multiple choice grid-ல் வரிகளாக ஆறு ஊடகங்கள், பத்திகளாக ஆம், இல்லை, நினைவில்லை. மூன்றாவது பத்தி இல்லாமல் Require a response in each row போட்டால், நினைவில்லாதவரும் ஏதாவது ஒரு பக்கம் சாய வேண்டியிருக்கும். இங்கே "எதுவுமில்லை" வரி தேவையில்லை, ஆகவே Shuffle row order-ஐ தாராளமாகப் போடலாம். ஆறு, ஏழு வரிகள் வரை கிரிட் பரவாயில்லை. பதினைந்து வரி என்றால் ஒரே பத்தியில் விறுவிறுவென்று அழுத்திக்கொண்டே போவார்கள். இரண்டு கேள்விகளாகப் பிரித்துவிடுங்கள்.

ஷீட்டில் ஒவ்வொரு வரிக்கும் தனிப் பத்தி வரும். பிரிக்கும் வேலை இல்லை. ஆனால் இங்கே வேறொரு பள்ளம்: ஒவ்வொரு வரியையும் கட்டாயமாக்காமல் விட்டால், அல்லது காகிதப் படிவமாக இருந்தால், சிலர் இதையும் டிக் பட்டியலாகவே நினைத்து "ஆம்" மட்டும் குறித்துவிட்டு மற்றதை வெற்றாக விடுவார்கள்.

அதே 200 பேர் அளவில் இன்னொரு குழு. வானொலி வரியில் ஆம் 36, இல்லை 132, வெற்று 32. (நினைவில்லை என்று யாரும் சொல்லவில்லை என்று வைப்போம்.) விடை சொன்ன 168 பேரால் வகுத்தால் 21.4%. வெற்று எல்லாம் "இல்லை"தான் என்று எடுத்தால் 200-ல் 36, அதாவது 18%. நடுவில் எங்கே நிற்பது?

ஷீட்டில் அந்தப் பழக்கம் உள்ளவர்களைத் தேடுங்கள். ஆறு வரிகளும் C முதல் H வரை என்றால்:

```
=IF(AND(COUNTIF(C2:H2,"ஆம்")>0,COUNTIF(C2:H2,"இல்லை")=0,COUNTIF(C2:H2,"நினைவில்லை")=0,COUNTBLANK(C2:H2)>0),1,0)
```

1 வந்தவர் ஒரு "இல்லை"கூடக் குறிக்காமல் "ஆம்" மட்டும் குறித்தவர். வானொலியை வெற்றாக விட்ட 32 பேரில் 15 பேர் இப்படி, 12 பேர் கேள்வி முழுவதையும் தாண்டியவர்கள், 5 பேர் இந்த வரியை மட்டும் விட்டவர்கள் என்று வைப்போம். அந்த 15 பேரின் வெற்றை "இல்லை" என்று எடுப்பதில் நியாயம் உண்டு. மற்ற 17 பேருக்கு அப்படி எடுக்கக் காரணமில்லை. ஆக 36-ஐ 183-ஆல் வகுக்க 19.7%. இப்படி மாற்றியதை அறிக்கையில் சொல்லிவிடுங்கள். 15-க்குப் பதில் 60 பேர் என்று வந்தால் கேள்வி அமைப்பே தவறு, மாற்றி எடுத்து ஒப்பேற்ற வேண்டாம்.

படி 6: 9.7-ஐயும் 19.7-ஐயும் பக்கத்தில் வைக்கலாமா?

வைக்கக் கூடாது. போன சுற்று டிக் பட்டியல், இந்தச் சுற்று ஆம்/இல்லை என்றால் "வானொலி கேட்பவர்கள் இரட்டிப்பானார்கள்" என்று எழுத அந்த எண்கள் இடம் தரா. எத்தனை பேர் புதிதாக வந்தார்கள், எத்தனை பேர் ஏற்கெனவே இருந்தும் டிக் செய்யாமல் விட்டவர்கள் என்று அவற்றைப் பிரிக்க வழியில்லை. எல்லா வரிகளையும் ஒரே விகிதத்தில் பெருக்கிச் சரிசெய்வதும் உதவாது. தொலைக்காட்சி போல முதலில் நினைவுக்கு வருவதை யாரும் விடமாட்டார்கள், எப்போதாவது காதில் விழும் வானொலிதான் விடுபடும்.

வடிவத்தை மாற்றியே ஆகவேண்டும் என்றால், மாற்றும் சுற்றில் பதிலளிப்போரைச் சீட்டுக் குலுக்கல் போல இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பழைய வடிவம், மறு பாதிக்குப் புதியது கொடுங்கள். இரண்டு பாதிக்கும் உள்ள வித்தியாசம் வடிவத்தால் வந்தது (சிறிய குழுவென்றால் தற்செயலும் கலந்திருக்கும்). பழைய சுற்றோடு பழைய வடிவப் பாதியை மட்டும் ஒப்பிடுங்கள்.

"ஆம்/இல்லை என்றால் மக்கள் சும்மாவே ஆம் என்பார்களே" என்ற சந்தேகம் நியாயமானது. மேலே சொன்ன 2006 ஆய்வில் கூடுதல் எண்ணிக்கைக்கு அது காரணமாகத் தெரியவில்லை. இருந்தாலும் ஆறு வரிக்கும் "ஆம்" போட்டவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். அதிகமாக இருந்தால், இல்லாத ஓர் ஊடகத்தின் பெயரை அடுத்த முன்னோட்டத்தில் ஏழாவது வரியாகச் சேர்த்தால் தெரிந்துவிடும்.

பின்சேர்ப்பு: படி 3 ஃபார்முலாவில் ஒரு பத்தி மட்டும் முழுக்க 0 வருகிறது என்றால், காரணம் பெரும்பாலும் தலைப்பின் கடைசியில் ஒட்டியிருக்கும் ஓர் இடைவெளி. பாதியில் குறைவாக வருகிறது என்றால் கணக்கெடுப்பின் நடுவில் யாரோ விருப்பத்தின் பெயரைத் திருத்தியிருக்கிறார்கள்: "இணையத்தளம்" என்பதை "செய்தித்தளம்" ஆக்கினாலும் முன்பு வந்த பதில்கள் ஷீட்டில் பழைய பெயரிலேயே இருக்கும். B பத்தியின் நகல் ஒன்றை எடுத்து, அதில் Find and replace கொண்டு பழைய பெயரைப் புதியதாக மாற்றிவிட்டு ஃபார்முலாவை அந்த நகலுக்குத் திருப்புங்கள். மூலப் பதில்களில் கை வைக்காதீர்கள்.