வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு ஒரு பாடத்தைத் தயார் செய்வது எப்படி?

பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் முதல் உலகப்போர் பாடத்தை எடுத்துக்கொள்வோம். தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைக்கு டிஸ்லெக்சியா இருக்கிறது, அல்லது வாசிப்பு ரொம்ப மெதுவாகப் போகிறது. அந்தப் பாடத்தை எப்படித் தயார் செய்து கொடுப்பது என்று வரிசையாகப் பார்க்கலாம்.

முதலில் ஒரு சின்ன சோதனை

பாடத்தில் ஒரு பத்தியை நீங்கள் வாசித்துக் காட்டி, அதிலிருந்து இரண்டு கேள்வி கேளுங்கள். அடுத்த பத்தியைப் பிள்ளையே வாசிக்கட்டும், அதிலும் இரண்டு கேள்வி கேளுங்கள். காதால் கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்லி, தானே வாசித்ததில் தடுமாறினால் ஒலிவழிப் படிப்பு கைகொடுக்கும். இரண்டிலுமே புரியவில்லை என்றால் சிக்கல் வாசிப்பில் மட்டும் இல்லை. அப்போது பாடத்தை விளக்கிச் சொல்ல வேண்டும், ஒலியை மட்டும் நம்பக் கூடாது.

பாடத்தைக் குரலாக்குதல்

பாடநூலின் பி.டி.எஃப். கோப்பைத் திறந்து, போனையோ கணினியையோ வாசிக்கச் சொன்னால் பல நேரம் பொருளற்ற ஒலிதான் வரும். கோப்பு பழைய எழுத்துருவில் இருப்பதுதான் காரணம். ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் குறியீடுமாக வந்தால், அந்தக் கோப்பை நேராக வாசிக்க வைக்க முடியாது.

அப்போது பக்கத்தை நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து Google Drive-இல் ஏற்றி, Google Docs-இல் திறந்துகொள்ளுங்கள். படத்தில் உள்ள எழுத்து உரையாக மாறிவிடும். ல, ள, ழ, ண, ன எல்லாம் சில இடங்களில் மாறியிருக்கும். பிள்ளை ஏற்கெனவே அந்த எழுத்துகளில்தான் குழம்புகிறது என்பதால், பிழை திருத்தாமல் கொடுக்கவே கூடாது.

திருத்திய உரையை ஆண்ட்ராய்டு போனில் Select to Speak வாசிக்கும். அமைப்புகளில் Accessibility பகுதியில் அது இருக்கும், தமிழ்க் குரலையும் இறக்கிக்கொள்ளுங்கள். வேகத்தைச் சற்றுக் குறைத்து, குரல் போகும் வரியிலேயே பிள்ளையின் விரலும் போகட்டும். கண் வரியில் இல்லாமல் கேட்டால் பாடம் புரியும், வாசிப்பு வளராது.

இடைவெளியும் நிறமும்

அந்த உரையையே அச்செடுக்கலாம். எழுத்தளவு 14 அல்லது 16, வரி இடைவெளி 1.5, இடப்பக்கம் மட்டும் சீராக. இருபுறமும் சீராக்கினால், தமிழில் சொற்கள் நீளம் என்பதால் நடுவில் பெரிய ஓட்டைகள் விழுந்து கண் வரி தாவிவிடும். எழுத்துக்கு எழுத்து இடைவெளி கூட்டும்போது கவனம் வேண்டும். சில செயலிகளில் ‘கொ’வின் கொம்பும் காலும் தனித்தனியே விலகி நின்றுவிடும்.

நிறத்தைப் பக்கம் முழுக்கப் பூசாதீர்கள். நிறக் கண்ணாடித் தாள்கள் டிஸ்லெக்சியாவைச் சரிசெய்யும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை, அவற்றுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். நிறம் உதவுவது நீண்ட சொல்லை உடைக்கத்தான். ‘உருவாக்கப்பட்டன’ என்ற சொல்லில் ‘உருவாக்க’ மட்டும் நீலம், ‘ப்பட்டன’ கறுப்பு. நீலத்தைப் பிடித்ததும் பொருள் கிடைத்துவிடும். மிச்சத்தைப் பிள்ளை பழக்கத்தில் வாசித்துவிடும். அந்த ‘ப்பட்டன’ பாடம் முழுக்கத் திரும்பத் திரும்ப வருவதால், இரண்டு மூன்று பக்கத்துக்குப் பிறகு நிறம் போடாமலே விட்டுவிடலாம்.

கூடுதல் நேரம்

தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வில் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகள் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கேட்டு வாங்கலாம். சொல்வதை எழுத ஒருவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளும் உண்டு. மருத்துவச் சான்றிதழோடு தலைமையாசிரியர் வழியாகத் தேர்வுத் துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும். சான்றிதழ் கைக்கு வர நாளாகும், அதனால் பள்ளி திறந்ததுமே வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

நேரம் கிடைத்தால் மட்டும் போதாது, அதைச் செலவிடவும் பழக வேண்டும். 100 மதிப்பெண்ணுக்கு 180 நிமிடம் என்றால், ஐந்து மதிப்பெண் கேள்விக்கு 9 நிமிடம். 240 நிமிடம் கிடைத்தால் 12. அந்த மூன்று நிமிடத்தில் ஒன்றைக் கேள்வியை இரண்டாம் முறை வாசிக்கக் கொடுங்கள். கேட்டது ‘காரணங்களா’ ‘விளைவுகளா’ என்று அடிக்கோடிடட்டும். போரின் காரணங்களைக் கேட்டால் விளைவுகளை எழுதிவிட்டு வரும் பிள்ளைகள் நிறைய. மீதி இரண்டு நிமிடம் எழுதியதைத் திரும்பப் பார்க்க. மொத்த ஒரு மணி நேரத்தையும் கடைசிக்கு ஒதுக்கினால் அதற்குள் கை ஓய்ந்துவிடும். திருப்புதல் தேர்வையே நான்கு மணி நேரக் கணக்கில் ஒருமுறையாவது எழுத வையுங்கள்.

தேர்வுக்கு முந்தைய வாரம், சலுகை ஆணை தேர்வு மையத்துக்குப் போய்விட்டதா என்று பள்ளியில் கேட்டு, அதன் நகல் ஒன்றை வாங்கி ஹால் டிக்கெட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.