அறுவை அரங்கின் வாசலில் ஒரு கவிதை: தொடக்க நிலையினருக்கான செய்முறை

மருத்துவமனையில் காத்திருந்த நேரத்தைப் பற்றி முதன்முதலாக எழுதுகிறவர்களின் வரைவுகளில் பெரும்பாலும் மூன்று வரிகள் தவறாமல் இருக்கும்: நொடிகள் யுகங்களாக நகரும், இதயம் படபடக்கும், கடவுளை நோக்கிக் கைகள் குவியும். இவற்றில் எதுவும் பொய்யில்லை. ஆனால் தேர்வு முடிவுக்குக் காத்திருப்பவரும் இதே வரிகளை எழுதலாம் என்பதால், அந்த அறையும் அந்த மனிதரும் இவற்றில் இல்லாமல் போகிறார்கள். கவலையைச் சொல்லாமல், கவலையோடு இருந்தவரின் கையும் கண்ணும் எதில் நிலைத்திருந்தன என்பதை மட்டும் சொல்லி ஒரு கவிதையை எழுதும் வழியை இங்கே விளக்குகிறேன். எடுத்துக்காட்டாக, தந்தைக்குக் குடலில் அறுவை சிகிச்சை நடக்கும்போது மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றின் அறுவை அரங்குக்கு வெளியே அமர்ந்திருக்கும் ஒருவரை எண்ணிக்கொள்வோம்.

முதல் படி: முடிவு தெரியும் முன்பே குறிப்பு எடுத்தல்

அறுவை நல்லபடியாக முடிந்தது என்ற செய்தி வந்தவுடன், அதுவரை நடந்த எல்லாவற்றின் மீதும் அந்தச் செய்தியின் நிறம் ஏறிவிடும். துயரச் செய்தி வந்தாலும் அப்படித்தான். கடந்த மணி நேரங்களில் கண்டதெல்லாம் முன்னறிகுறிகளாகத் தோன்றத் தொடங்கும். ஆகையால் முடிந்தால் அங்கேயே, மருந்துச் சீட்டின் பின்புறத்திலோ கைபேசியிலோ, நேரத்தைப் போட்டு ஒற்றை வாக்கியங்களாகக் குறித்து வைக்க வேண்டும். அந்த நிலையில் எழுத மனம் வராதவர்கள் அன்றிரவோ மறுநாளோ எழுதலாம். அப்போதும் முடிவைத் தொடாமல், நடந்த வரிசையிலேயே எழுத வேண்டும். பிறரைப் படம் எடுக்கக் கூடாது. அவர்களும் நம்மைப் போலவே தம் வாழ்வின் மோசமான நாளில் அமர்ந்திருக்கிறார்கள்.

நம் எடுத்துக்காட்டில் குறிப்புகள் இப்படி இருப்பதாகக் கொள்வோம்:

9.10 - உள்ளே அழைத்துப் போனார்கள். பல்செட்டையும் வெள்ளி அரைஞாணையும் என் கையில் கொடுத்தார்கள். பல்செட்டைத் தண்ணீரில் போட்டு வைக்கச் சொன்னார் நர்ஸ்.
9.30 - டீக்கடையில் காகிதக் கோப்பை வாங்கி, தண்ணீர் ஊற்றிப் பல்செட்டைப் போட்டேன். மடியில் வைத்திருக்கிறேன்.
10.15 - எதிரில் இருக்கும் ஒரு பெண், தன் மகனுக்கு பன் பிட்டுக் கொடுக்கிறாள். தான் சாப்பிடவில்லை.
10.50 - கதவு திறந்தால் எல்லோரும் எழுகிறார்கள்.
11.40 - கோப்பை ஊறிவிட்டது.

இவற்றில் ஒன்றுகூடக் கற்பனை செய்து அடைய வேண்டியதில்லை. மயக்கம் கொடுத்து மூச்சுக்குழாய் செருகும்போது, கழற்றி மாட்டும் பற்கள் நழுவித் தொண்டைக்குள் போகலாம் என்பதால் அவற்றை முன்னரே எடுத்துவிடுவார்கள். மின்கருவியால் திசுவைச் சுடும்போது உடலில் உலோகம் இருந்தால் அந்த இடத்தில் தீக்காயம் படக்கூடும் என்பதால் அரைஞாண் கழற்றப்படுகிறது. பல்செட் உலர்ந்தால் அதன் வடிவம் கெடக்கூடும். தண்ணீரில் வைக்கச் சொல்வது அதனால்தான். இந்தக் காரணங்கள் கவிதைக்குள் வர வேண்டியதில்லை. எழுதுகிறவருக்குத் தெரிந்திருந்தால், எந்தப் பொருள் உண்மையான கனம் உடையது என்று தேர்ந்தெடுக்க அவை உதவும்.

இரண்டாம் படி: மணி நேரங்களோடு மாறும் ஒரு பொருள்

சங்க அகக்கவிதையில் நிலமும் பொழுதும் முதற்பொருள். அங்கே வாழ்வனவும் புழங்குவனவும் கருப்பொருள். உணர்வும் நிகழ்வும் உரிப்பொருள். காத்திருத்தல் முல்லைத் திணையின் உரிப்பொருள் என்பது பலருக்கும் தெரிந்ததே. அந்தப் பாடல்கள் பலவற்றில் தலைவியின் ஏக்கத்தை மாலைப்பொழுதும் மாடுகளின் மணியோசையும் முல்லை மலரும் சுமக்கின்றன. நாமும் குறிப்புகளை இந்த மூன்றாகப் பிரித்துப் பார்த்து, உரிப்பொருளை எழுதாமல் விட்டு, கருப்பொருளில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளலாம்.

எதைப் பிடிப்பது என்பதற்கு என்னிடம் ஓர் அளவுகோல் உண்டு: நேரம் செல்லச் செல்ல அந்தப் பொருள் மாற வேண்டும். அரைஞாண் காலையில் இருந்தபடியே மாலையிலும் இருக்கும். காகிதக் கோப்பையோ தண்ணீரில் ஊறி மெல்ல மெல்லத் தளர்கிறது. சுவர்க்கடிகாரத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாமலேயே, கோப்பையின் அடி நனைவதைக் காட்டி இரண்டரை மணி நேரத்தைக் கடக்க முடியும். அதோடு, மடியில் இருக்கும் அந்தப் பல்வரிசை அப்பாவின் உடலிலிருந்து வந்த ஒன்று என்பதால், அவரைப் பற்றித் தனியாக எதுவும் சொல்ல வேண்டிய தேவையும் குறைகிறது. அரைஞாண் மனதைத் தொடும் பொருள்தான். இருந்தாலும் இந்தக் கவிதையில் அதை விட்டுவிடுவேன், ஏனென்றால் இரண்டு பொருள்கள் வந்தால் வாசகரின் பார்வை பிரிந்துவிடும்.

மூன்றாம் படி: வரைவு

பல்செட்டை உறையில் போட்டுத் தந்து
தண்ணீரில் வையுங்கள் என்று
கதவைச் சாத்திக்கொண்டார் நர்ஸ்.

டீக்கடைக் காகிதக் கோப்பையில்
பாட்டில் தண்ணீர் ஊற்றி
அப்பாவின் பல்லை இறக்கினேன்.

எதிர்பெஞ்சில் ஒருத்தி
பன்னைப் பிட்டுப் பிட்டு
மகனுக்கு ஊட்டி
விரலில் ஒட்டிய சர்க்கரையை மட்டும்
தான் எடுத்துக்கொண்டாள்.

கதவு திறக்கிறது.
பெயர் முழுதாய் வருமுன்பே
எல்லோரும் எழுகிறோம்.
ஒருவர் போகிறார்.
மற்றவர்கள் உட்காருகிறோம்.

கோப்பையின் அடி ஊறி
மடியில் ஈரம்.
வேறு கோப்பை வாங்கப்
போய் வரலாமா என்று
கதவைப் பார்க்கிறேன்.

நான்காம் படி: திருத்தும்போது கவனிக்க வேண்டியவை

முதலில் காலத்தைப் பாருங்கள். முதல் மூன்று பத்திகள் இறந்த காலத்தில் நடக்கின்றன. கதவு திறக்கும் இடத்தில் நிகழ்காலம் தொடங்குகிறது. கதவு எப்போது வேண்டுமானாலும் மீண்டும் திறக்கலாம் என்பதால் அங்கிருந்து இறந்த காலத்துக்குத் திரும்ப முடியாது. நான்காம் பத்தியை "எழுந்தோம், போனார், உட்கார்ந்தோம்" என்று மாற்றி உரக்கப் படித்துப் பார்த்தால், பதற்றம் முழுவதும் முடிந்துபோன கதையாகிவிடுவது காதுக்கே தெரியும்.

அடுத்தது வரிமுறிவு. தமிழில் வினை பெரும்பாலும் வாக்கியத்தின் இறுதியில் வருவதால், வினைக்கு முன்னால் வரியை முறித்தால் வாசகரும் ஒரு கணம் காத்திருக்க நேர்கிறது. "விரலில் ஒட்டிய சர்க்கரையை மட்டும்" என்ற வரியின் முறிவு அதற்காகத்தான். ஆனால் எல்லா வரியையும் அப்படி முறித்தால் அது வெறும் பழக்கமாகிச் சலிப்பூட்டும். இந்த நீளத்துக்கு ஓரிரு இடங்கள் போதும். "ஒருவர் போகிறார்" போன்ற வரிகளை முறிக்காமல் முழுதாக விட்டதற்கும் காரணம் உண்டு: அங்கே எழுவதும் அமர்வதும் இடைவெளியின்றி நடக்கின்றன.

பிறகு, உணர்ச்சியை விளக்கும் வரி எங்காவது நுழைந்திருக்கிறதா என்று தேடுங்கள். ஐந்தாம் பத்திக்குப் பிறகு "அழைத்துவிட்டால் என்ன செய்வது" என்று ஒரு வரி சேர்க்கத் தோன்றும். நான்காம் பத்தியில் எல்லோரும் எழுந்ததைப் படித்தவருக்கு, எழுந்து போக ஏன் முடியவில்லை என்பது ஏற்கெனவே தெரியும். அந்த வரியைச் சேர்த்தால் வாசகர் தானாக அடைய வேண்டியதை நாமே அவர் கையில் திணித்தவர்களாவோம். அறுவையின் முடிவையும் இதே காரணத்தால் எழுதக் கூடாது. எழுதினால் இது அறையைப் பற்றிய கவிதையாக இல்லாமல் அப்பாவின் உடல்நிலை பற்றிய செய்தியாகிவிடும்.

எதிர்பெஞ்சுப் பெண்ணைப் பற்றியும் ஒரு சொல். அவரது ஊர், உள்ளே இருப்பவர் யார், என்ன நோய் என்பன நம் காதில் விழுந்திருந்தாலும் கவிதையில் அவற்றுக்கு இடமில்லை. அவர் சாப்பிடாமல் இருப்பதைச் சர்க்கரைத் துகள் போதுமான அளவு சொல்லிவிடுகிறது.

தலைப்பைக் கடைசியில் வையுங்கள். "காத்திருப்பு" என்றோ "தவிப்பு" என்றோ வைத்தால், கவிதை முழுக்கச் சொல்லாமல் காத்ததைத் தலைப்பு உடைத்துவிடும். வரிகளுக்குள் வராத இடத்தையும் நேரத்தையும் தலைப்பிடம் ஒப்படைக்கலாம். இந்த வரைவுக்கு "அறுவை அரங்கின் வெளியே, 9.10 முதல்" என்று வைப்பேன்; தொடங்கிய நேரம் அதில் இருக்கிறது, முடிந்த நேரம் இல்லை.